வால்கொழுப்பு போட்ட சைக்கிள்

ஷோகிரின் சைக்கிளை நாய்கள் துரத்த ஆரம்பித்தது அந்த வருஷம் செப்டம்பரில்தான். அதற்கு முன்னால் அந்தச் சைக்கிளைத் திரும்பிப் பார்க்க ஊரில் ஒரு கழுதைகூடத் தயாராக இல்லை. சோவியத் காலத்து வண்டி. ஷோகிரின் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் வாங்கியது. அவனைப் போலவே எடை அதிகம். அவனைப் போலவே மெதுவாகக் கிளம்பும், கிளம்பிவிட்டால் எளிதில் நிற்காது.

ஷோகிர் ஓஷ் என்னும் இறைச்சிச் சோறு சமைப்பவன். கோகந்து நகருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய நாலைந்து ஊர்களில் கல்யாணமோ சுன்னத்தோ சாவோ எதுவானாலும் அவன்தான் வந்து கொப்பரை ஏற்ற வேண்டும். நீளக் கைப்பிடி கொண்ட சட்டுவத்தைச் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு போவான். தூரத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கியோடு போருக்குப் போகிறவன் மாதிரி இருக்கும். பக்கத்தில் வந்தால் வயிறு முதலில் தெரியும்.

அவன் மகன் எல்யோருக்குப் பதினாறு வயது. அந்த செப்டம்பரில்தான் கோகந்து தொழிற்கல்லூரியில் கடைசல் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. பதினோரு கிலோமீட்டர். பஸ் உண்டு. ஆனால் அது ஓட்டுநர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து வரும். வீட்டில் இருந்ததோ ஒரே சைக்கிள். அப்பாவுக்குக் கல்யாண வீடு, மகனுக்குக் கல்லூரி. இரண்டும் ஒரே காலையில் எதிரெதிர்த் திசையில் இருந்தால் இருவரில் ஒருவன் நடக்க வேண்டும்.

ஆகவே புதுச் சைக்கிள் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. வாங்கும்வரை பழையது சாகக் கூடாது என்பது அடுத்த முடிவு. அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் முற்றத்தில் சாக்கு விரித்து அதைத் தலைகீழாக நிறுத்தினார்கள்.

முதலில் பெடல். ஒவ்வொரு மிதிக்கும் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பெடல்தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. எல்யோர் அதைத் தட்டி எடுத்து, பருத்திக்கொட்டை எண்ணெய் டின்னிலிருந்து விரலகலத் தகட்டை வெட்டி, ஆப்பின் தட்டையான பக்கத்தில் வைத்துத் திரும்ப அடித்து இறுக்கினான். சத்தம் நின்றது.

"இதைத்தான் கல்லூரியில சொல்லித் தர்றாங்களா?" என்று ஷோகிர் கேட்டான்.

"இன்னும் தரலை. இப்ப கூட்டறதுக்கு விளக்குமாறு குடுத்திருக்காங்க."

"எல்லாப் பெரிய உஸ்தாவும் விளக்குமாறுலதான் ஆரம்பிச்சான். நான் கேரட் தோல் சீவி ஆரம்பிச்சேன்."

அடுத்து பின்சக்கரம். அந்த வண்டிக்குக் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் பிரேக் பிடிக்கும். எல்யோர் நட்டுகளைக் கழற்றி, சட்டத்தோடு பிரேக் கையைப் பிணைக்கும் பட்டையை அவிழ்த்து, குடத்தைத் திறந்தான். உள்ளே குழலும் குண்டுகளும் சிறு உருளைகளும் கறுத்துப்போய், காய்ந்த பேரீச்சம்பழம் போன்ற ஒரு பசையில் சிக்கிக்கிடந்தன. முன்னால் மிதிக்கும்போது அந்த உருளைகள் சரிவில் ஏறிக் குடத்தின் சுவரைக் கவ்விக்கொள்ளும், சக்கரம் சுற்றும். பின்னால் மிதித்தால் உருளைகள் பள்ளத்தில் இறங்கிவிடும், பிரேக் குழல் விரிந்து சுவரை அழுத்தும். எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவித் துணி விரித்து வரிசையாக வைத்ததும் பளபளவென்று இருந்தன.

"கிரீஸ் வேணும்" என்றான் எல்யோர்.

கிரீஸ் இல்லை. பஜாரிலும் இல்லை. அந்தக் காலத்தில் பஜாரில் சீனத்துப் பிளாஸ்டிக் பூ நாற்பது நிறத்தில் கிடைத்தது, கிரீஸ் கிடைக்கவில்லை. மில்காரன் ஹோஷிமிடம் இருக்கும். ஆனால் அவனிடம் ஒரு கரண்டி கேட்டால் ஒரு வருஷம் சொல்லிக்காட்டுவான்.

ஷோகிர் எழுந்து சமையற்கட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் வால்கொழுப்பு உருகும் வாசனை வந்தது. செம்மறியாட்டின் வால்கொழுப்பு. அதை மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"அப்பா, இது கிரீஸ் போடற இடம்."

"கிரீஸ்னா என்னடா? கொழுப்புதான். அது மண்ணுக்குள்ள இருந்து வர்ற கொழுப்பு, இது ஆட்டுக்குள்ள இருந்து வர்றது. எது சுத்தம், நீயே சொல்லு."

"இரும்புக்கு எது சரின்னு பாக்கணும்."

"முப்பது வருஷமா இந்த மாவட்டத்துக்கே குடல்ல எண்ணெய் போட்டுட்டிருக்கேன். ஒருத்தனாவது சிக்கி நின்னானா?"

எல்யோரின் அம்மா மஸ்தூரா வாசலில் நின்று பார்த்தாள். "சைக்கிளுக்கு வால்கொழுப்பு, பொண்டாட்டிக்குப் பருத்திக்கொட்டை எண்ணெய். நல்ல வீடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் வெயிலில் அந்தச் சைக்கிள் வெண்ணெயில் கத்தி மாதிரி ஓடியது. சத்தமே இல்லை. பின்னால் நாய்கள் மட்டும் வந்தன. முதலில் ஒன்று, பருத்திக் கிடங்கில் இன்னொன்று, வாய்க்கால் பாலம் வரும்போது நாலு. எதுவும் கடிக்கவில்லை, மரியாதையாகக் கூடவே ஓடின. கல்லூரி வாசலில் பையன்கள் எல்யோரை 'சமையற்கட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

புதுச் சைக்கிளுக்குப் பணம் சேர்க்க இரண்டு வழி வைத்திருந்தான் ஷோகிர். ஒன்று தேயிலை டப்பா. கல்யாண வீட்டில் கிடைப்பதில் வீட்டுச் செலவு போக மிச்சம் அதில் விழும். இன்னொன்று கஷ்தாக். ஒரே வயதுக்காரர்கள் பன்னிரண்டு பேர். மாதம் ஒருமுறை ஒருவன் வீட்டில் கூடுவார்கள், ஓஷ் சாப்பிடுவார்கள், ஒருவனை ஒருவன் கிழிகிழியென்று கிழிப்பார்கள், ஆளுக்கு இரண்டாயிரம் சோம் வைப்பார்கள். அந்த மாதம் யார் வீடோ அவனுக்கே மொத்தமும். நாவிதன் சத்தோர் அவர்களுக்குத் தலைவன். எல்லாரையும்விடக் குரல் பெரியது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவன். சட்டங்களும் இருந்தன. தாமதமாக வந்தவன் கொப்பரை தேய்க்க வேண்டும். கேலிக்குக் கோபப்பட்டவன் அடுத்த கூட்டத்துக்கு ஓர் ஆடு தர வேண்டும்.

வரிசைக்குச் சீட்டு எடுத்தபோது ஷோகிருக்குக் கடைசிச் சீட்டு வந்தது. ஆகஸ்டு.

"கடைசியா வர்றவனுக்குத்தான் கொப்பரையோட அடிச்சோறு, அதுலதான் ருசி" என்று அவன் வீட்டில் வந்து சொன்னான்.

"சைக்கிள் விலை மாசத்துக்கு மாசம் ஏறுதுப்பா. இப்ப இருபத்திரண்டாயிரம். ஆகஸ்டுல நம்ம சீட்டுப் பணத்துக்குச் சீட்டு மட்டும்தான் வரும். சீட்னா, உக்கார்றது."

"அப்ப உக்காந்து யோசிப்போம்."

மில்காரன் ஹோஷிமுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்டோபரில் கைக்காசு போட்டே ஒரு புதுச் சைக்கிள் வாங்கிவிட்டான். பச்சை நிறம், முன்னும் பின்னும் கைப்பிரேக், மணி. பஜாரில் அதை அட்டைப்பெட்டியில் பிரித்துத்தான் தருவார்கள். பூட்டித் தர அங்கேயே ஆள் உண்டு, ஐந்நூறு சோம். மாவரைக்கும் யந்திரத்தையே பிரித்துப் பூட்டியவனுக்கு சைக்கிள் என்ன என்று ஹோஷிம் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தானே பூட்டினான். மறுநாள் காலையில் ஏறினான். மில் வாசலைத் தாண்டும் முன் விழுந்தான்.

அப்புறம் அவன் விழாத வாரம் இல்லை. நேராகப் போனால் போகும். திருப்பினால் கீழே தள்ளும். அவன் மனைவி சைக்கிளுக்குச் சாம்பிராணி மாதிரி ஹர்மலா புகை காட்டினாள். கண்ணேறு படாமலிருக்க ஹேண்டில்பாரில் கண் வரைந்த மணியான கண்மணியும் மிளகாயும் கட்டினாள். அதன் பிறகு மிளகாயோடு சேர்ந்து விழுந்தான். வெட்கத்தில் வண்டியை மில்லுக்குள் சாக்கு போர்த்து வைத்தான். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் மட்டும் எடுத்தான். கஷ்தாக்கில் யாராவது கேட்டால் "அருமையா ஓடுது" என்று சொல்லிக் கன்னத்துக் காயத்தைத் தடவிக்கொள்வான்.

ஜனவரியில் குளிர் இறங்கியது. இறங்கிய முதல் நாளே வால்கொழுப்பு தன் குணத்தைக் காட்டியது.

எல்யோர் ஏறி மிதித்தான். பெடல் சுற்றியது, சங்கிலி சுற்றியது, பின்சக்கரம் அசையவில்லை. முன்னால் மிதித்தாலும் சும்மா சுற்றியது, பின்னால் மிதித்தாலும் சும்மா சுற்றியது. குடத்துக்குள் கொழுப்பு மெழுகாக உறைந்திருந்தது. உருளைகள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு சரிவில் ஏற மறுத்தன. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே கல்லூரிக்குப் போனான். முதல் மணிநேரம் முடிந்திருந்தது. பிரிவுத் தலைவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"கடைசல் யந்திரம் ஆறு, பையன்கள் இருபத்துநாலு, வெளியில காத்திருக்கறவன் பத்து" என்றார் அவர். "மூணு தடவை தாமதம், பேரை அடிச்சிடுவேன். இது ஒண்ணு. சமையற்கட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தேவையில்ல."

அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

வீட்டில் எல்யோர் கத்தவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, "ஆட்டுக்குக் குளிருதாம்" என்று மட்டும் சொன்னான்.

ஷோகிர் பின்சக்கரக் குடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் பார்ப்பதுபோல. "உறைஞ்சா உருக்கணும். இது ஒரு விஷயமா?"

"திறந்து கழுவிட்டு கிரீஸ் போடணும்ப்பா. ஹோஷிம் மாமாகிட்ட ஒரு கரண்டி கேளுங்க."

"கேட்டா என்ன சொல்வான் தெரியுமா? 'ஏன், ஆடு தீந்துபோச்சா?' ம்பான். நான் ஜன்னல்ல இருந்து குதிச்சிடறேன்."

"நமக்குத்தான் மாடி இல்லையே."

மறுநாள் காலை ஷோகிருக்கு வேலை இல்லை. கெட்டிலில் கொதிக்கும் வெந்நீரை எடுத்து, பஞ்சுவைத்துத் தைத்த உறையால் மூடி, மகனுக்குப் பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்தான். குடத்தில் கொஞ்சம் ஊற்றினான். ஆவி பறந்தது. பெடல் கவ்வியது. வண்டி கிளம்பியது.

"பாத்தியா?" என்றான் பின்னாலிருந்து.

பருத்திக் கிடங்கு வரை ஓடியது. அங்கே பெடல் வழுக்கியது. இறங்கி ஊற்றினார்கள். பள்ளிக்கூடம்வரை ஓடியது. மறுபடி ஊற்றினார்கள். மூன்றாவது முறை இறங்க நேரமில்லை என்று ஷோகிர் ஓட்டத்திலேயே குனிந்து ஊற்றப் பார்த்தான். பாதி குடத்திலும் பாதி தன் பூட்சிலும் விழுந்தது. வழியெல்லாம் நாய்கள். சூடு பட்டதும் வாசனை எழும்பியதால் அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

"வேகமா மிதிடா, பின்னால இருக்கறது என்னையும் சேத்துத்தான் பாக்குது."

வாய்க்கால் மேட்டில் ஏறியபோது கெட்டில் காலி. மேட்டின் மறுபக்கம் பாலத்துக்கு இறங்கும் சரிவு, வழுவழுவென்று பனிக்கட்டி. எல்யோர் பெடலைப் பின்னால் மிதித்தான். அது ஒரு தடையும் இல்லாமல் முழுச் சுற்று பின்னால் சுற்றியது. இன்னொரு முறை மிதித்தான். சுற்றியது. ஓடாத வண்டிக்கு இறக்கத்தில் பிரேக்கும் இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அப்பா, பிரேக் இல்ல."

"நேத்து இருந்துச்சே."

"நேத்து நான் தள்ளிட்டுப் போனேன்."

"காலை வை. ரெண்டு பேரும் காலை வைப்போம்."

நாலு பூட்சும் பனியில் உரசின. வேகம் குறையவில்லை, சத்தம்தான் கூடியது. எதிரே, பாலத்தின் இந்த முனையில், மில்காரன் ஹோஷிம் தன் பச்சைச் சைக்கிளில் கவனமாக, மிகக் கவனமாக, நேராக வந்துகொண்டிருந்தான். கண்மணி ஆடியது, மிளகாய் ஆடியது. இவர்களைப் பார்த்து அவன் ஹேண்டில்பாரை ஒரு அங்குலம் திருப்பினான். அதுவே போதுமாக இருந்தது. அவன் விழுந்தான், இவர்கள் அவன்மேல் விழுந்தார்கள், மூவரும் வாய்க்கால் கரைப் பனிக்குள் புதைந்தார்கள். நாய்கள் சுற்றி நின்று பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை நக்க ஆரம்பித்தன.

யாருக்கும் எலும்பு முறியவில்லை. எல்யோர் பனியில் மல்லாந்து கிடந்தபடி கண்ணைத் திறந்தபோது, பச்சைச் சைக்கிள் அவன் முகத்துக்கு நேரே கவிழ்ந்து கிடந்தது. ஒரு சைக்கிளை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு ஓய்வாக அவன் பார்த்ததில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முள்ளின் இரண்டு கால்களும் கீழே வளைந்து வெளிப்பக்கம், முன்னால் நீள வேண்டும். இதில் அவை பின்னால், பெடலை நோக்கி வளைந்திருந்தன. முன்பிரேக் முள்ளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதன் கம்பி ஆட்டுக்கொம்பு மாதிரி மடிந்திருந்தது. முன்சக்கரம் பெடலுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதால் திருப்பும்போதெல்லாம் பூட்சின் நுனி டயரில் மாட்டும். விழாமல் என்ன செய்யும்?

ஹோஷிம் எழுந்து தொப்பியைத் தட்டினான். "போதும்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "சைத்தான் வண்டி. இருபத்திரண்டாயிரம் குடுத்தேன். பதினாலாயிரம் யார் குடுத்தாலும் தூக்கிட்டுப் போகட்டும்."

ஷோகிர் பூட்சிலிருந்து பனியை உதறிக்கொண்டிருந்தான். "பதினாலா?"

"பதினாலு. நாளைக்கு எங்க வீட்லதானே கஷ்தாக். பணத்தோட வா, எல்லார் முன்னாலயும் கைகுடுத்து முடிச்சுக்குவோம். உன் ஆட்டை நம்பி உன் பையன் எத்தனை நாள் போவான்?"

எல்யோர் அப்பாவின் விலாவில் விரலால் ஒரு குத்து குத்தினான். அன்று கல்லூரிக்கு இரண்டாவது தாமதம் விழுந்தது. பிரிவுத் தலைவர் நோட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டி, அடுத்த வரி வெறுமையாக இருப்பதைப் பேனாவால் சுட்டினார்.

சாயங்காலம் தேயிலை டப்பாவைக் கவிழ்த்தார்கள். மறுநாள் கஷ்தாக்கில் வைக்க வேண்டிய இரண்டாயிரம் போகப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. மீதிக்கு ஷோகிர் பெட்டியைத் திறந்தான். கல்யாண வீடுகளில் சமையல்காரனுக்குப் பணத்தோடு இடுப்புத்துணியும் தொப்பியும் கட்டாயம் உண்டு. வருஷக்கணக்கில் சேர்ந்து முப்பத்தோரு இடுப்புத்துணி இருந்தது. மஸ்தூரா இருபதை எடுத்துக்கொண்டு துணிக்காரியிடம் போய் ஆயிரத்து நானூறோடு வந்தாள். சரியாகப் பதினாலு.

அப்புறம்தான் எல்யோர் சொன்னான். முள் திரும்பியிருப்பதை, அதனால்தான் விழுவதை, சரிசெய்யப் பத்து நிமிஷம் போதும் என்பதை.

ஷோகிரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த விதம் எல்யோருக்குப் பிடிக்கவில்லை. வேறொருவன் சமைத்த ஓஷ் குழைந்துபோனதைக் கேள்விப்பட்டால் அப்பாவின் முகம் இப்படித்தான் மலரும்.

"முன்னால இருக்க வேண்டியது பின்னாலயா? மூணு மாசமாவா?" அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். "யந்திரத்தையே பூட்டினவனாம்."

"அப்பா, சொல்லிடாதீங்க. சொன்னா விக்கமாட்டாரு."

"நான் ஏன் சொல்றேன்?"

"ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க."

விரிப்பில் வட்ட நான் ரொட்டி இருந்தது. ஷோகிர் அதைக் கையிலெடுத்து நெற்றியில் வைத்தான். "ஹோஷிம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

"மத்தவங்ககிட்டயும்."

"யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். போதுமா? அந்த ஆளு என்னை மாசாமாசம் கிழிக்கறப்பகூட வாயை மூடிட்டிருப்பேன்."

மறுநாள் ஹோஷிம் வீட்டு முற்றத்தில் கொப்பரை ஏறியது. யார் வீட்டில் கஷ்தாக் நடந்தாலும் ஷோகிர்தான் சமைப்பான். எல்யோர் தேநீர் ஊற்ற வந்திருந்தான். சோறு இறங்கி, தட்டுகள் காலியாகி, பணம் கைமாறி ஹோஷிமின் விரிப்புக்கடியில் போனது. பிறகு சத்தோர் மற்ற ஒன்பது பேரைச் சாட்சி வைத்து ஷோகிரையும் ஹோஷிமையும் எதிரெதிரே நிறுத்தினான். பஜாரில் ஆடு மாடு விற்கும்போது செய்வதுபோல இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து மேலும் கீழும் குலுக்கினான்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"வாங்கினியா?"

"வாங்கினேன்."

"பரக்கத்து" என்று சத்தோர் வாழ்த்தி முடித்தான். பதினாலாயிரம் கைமாறியது. பச்சைச் சைக்கிள் முற்றத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. எல்யோர் மூச்சை விட்டான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு எங்கே இருப்போம் என்று அவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

அதற்குள் கிழிப்பு ஆரம்பித்திருந்தது.

"ஷோகிர், இதுக்கு எந்த ஆட்டுக் கொழுப்பு போடப்போற?" என்றான் ஒருவன். "சைனா வண்டி, பன்னிக் கொழுப்பு கேக்கும், பாத்து."

"அவன் சைக்கிள் ஓட்டறதில்ல, தாளிக்கறான்" என்றான் சத்தோர்.

சிரிப்பு. ஷோகிரும் சிரித்தான். பணத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஹோஷிமுக்கு மனம் லேசாகிவிட்டது. அவனும் சேர்ந்துகொண்டான்.

"சும்மா இருங்கப்பா. கொழுப்பைத் தவிர அவனுக்கு வேற என்ன தெரியும்? இரும்பு விஷயம் அவன் பரம்பரைக்கே வராது. நானே மூணு மாசம் பாத்து முடியாத வண்டி. அவனும் அவன் பையனும் நாளைக்கே கழுத்தை முறிச்சுக்குவாங்க."

எல்யோர் தேநீர்க் குடுவையோடு அப்படியே நின்றான். அப்பாவின் காது சிவப்பதைப் பார்த்தான். அது நல்லதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஷோகிர் எழுந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் அவன் கடைசிவரை சத்தியத்தைக் காப்பாற்றினான். நேராக மில் அறைக்குள் போய் ஒரு ஸ்பானரோடும் மரக்கட்டையோடும் வந்தான். முன்பிரேக்கின் கம்பியைக் கழற்றினான். ஹேண்டில்பாரின் நடுத்தண்டு மேலிருக்கும் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தினான். கட்டையை அதன்மேல் வைத்து ஸ்பானரால் 'தட்' என்று ஒரே அடி; உள்ளே முள்ளின் குழாயை இறுக்கியிருந்த ஆப்பு கீழே விழுந்து விடுபட்டது. சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் பிடித்து ஹேண்டில்பாரை அரை வட்டம் திருப்பினான். இப்போது ஹேண்டில்பார் பின்னால் பார்த்தது. பிறகு முள்ளையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து இன்னோர் அரை வட்டம் சுற்றினான். முள்ளின் வளைவு முன்னால் வந்தது, பிரேக் முன்னால் வந்தது, ஆட்டுக்கொம்பாக மடிந்திருந்த கம்பி நேரானது. போல்ட்டை இறுக்கினான். கம்பியை மாட்டினான். இத்தனையும் முந்தின நாள் சாயங்காலம் மகன் சொன்னது வரிக்கு வரி.

பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெரிய உடம்போடு ஏறி, கொப்பரையைச் சுற்றி இடப்பக்கமாக ஒரு வட்டம், வலப்பக்கமாக ஒரு வட்டம் அடித்தான். மூன்றாவது வட்டத்தில் மணியையும் அடித்தான்.

 அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம் கேட்டது.

"முள்ளு" என்றான் சத்தோர் மெதுவாக. "ஹோஷிம், நீ முள்ளைத் திருப்பி மாட்டியிருந்தியா?"

அப்புறம் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒருவன் தேநீரைச் சிந்தினான். ஹோஷிமின் முகம் மாதுளை மாதிரி ஆயிற்று.

"திருடன்" என்று அவன் கத்தினான். "எங்கிட்ட பாதி விலைக்கு அடிச்சுட்டான். எப்பத் தெரியும் உனக்கு? கேளுங்க அவனை. எப்பத் தெரியும்?"

சத்தோர் கையை உயர்த்தினான். "ஷோகிர், எப்பத் தெரியும்?"

ஷோகிர் சைக்கிளிலிருந்து இறங்கினான். மகனைப் பார்த்தான். ஒரு கணம் பொய் சொல்வான் என்று எல்யோர் நினைத்தான். சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

"நேத்து சாயங்காலம். பையன் சொன்னான். நான்தான் மறைச்சேன்."

"என் வண்டியைக் குடு" என்றான் ஹோஷிம். "இந்தா உன் பதினாலு."

எல்யோர் குடுவையைக் கீழே வைத்தான். நோட்டின் வெறும் வரி அவன் கண்முன் வந்தது. அப்பாவை அந்த நிமிஷம் அவன் வெறுத்தான். ஒரு வட்டம் போதாதா? மணி எதற்கு?

சத்தோர் தாடையைச் சொறிந்தான். அவனுக்குத் தீர்ப்புச் சொல்வது முடிவெட்டுவதைவிடப் பிடிக்கும்.

"வண்டி திரும்பாது. நான் கையைக் குலுக்கி விட்டது. ஒன்பது பேர் பாத்தாச்சு. கைகுடுத்ததைப் பிரிச்சா நாளைக்கு பஜாருக்கு எந்த முகத்தோட போவேன்?" ஷோகிர் பக்கம் திரும்பினான். "ஆனா நீ கூட்டாளிகிட்ட மருந்தை மறைச்சு நோயை வாங்கியிருக்க. அதனால முழு விலை. ஹோஷிம் குடுத்தது இருபத்திரண்டு. மீதி எட்டாயிரம், ஆகஸ்டு உன் முறைப் பணத்துல இருந்து முதல்ல ஹோஷிமுக்கு. சம்மதமா?"

"சம்மதம்" என்றான் ஷோகிர் உடனே. 

"ஹோஷிம், உனக்கும் நஷ்டம் இல்ல. மூணு மாசம் இலவசமா விழுந்திருக்க. சம்மதமா?"

ஹோஷிம் முனகினான். அது சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் சத்தோர். "இப்ப கேலி நடந்துச்சு. அதுக்கு ஒருத்தன் கத்தினான். யார் கத்தினது?"

எல்லாரும் ஹோஷிமைப் பார்த்தார்கள்.

"அது கேலிக்கு இல்ல" என்றான் ஹோஷிம்.

"சிரிப்பு முடியறதுக்கு முன்னால கத்தினா கேலிக்குத்தான். சட்டம் சட்டம். அடுத்த கஷ்தாக்குக்கு ஓர் ஆடு. வால் பெருசா இருக்கணும்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான். "வாலை ஷோகிர் பக்கத்துல வைக்காதீங்க. சைக்கிள்ல போட்டுடுவான்."

வீட்டுக்குத் திரும்பும்போது எல்யோர் பச்சைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஷோகிர் பழையதை. இருவரும் ஏறவில்லை. பாதி வழியில் மகன் தொடங்கினான்.

"எட்டாயிரம்ப்பா. அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா வீட்டுக்கு வந்து திருப்பியிருக்கலாம்."

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

"பரம்பரைக்கே வராதுன்னான்டா. உன்னைச் சேத்து."

எல்யோர் ஹேண்டில்பாரிலிருந்து மிளகாயைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான். கண்மணியை மட்டும் விட்டுவைத்தான்.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் அவன் எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே நின்றான். பிரிவுத் தலைவர் பச்சைச் சைக்கிளைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தார். "வாசனை இல்லையே" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. வெறும் வரி வெறும் வரியாகவே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஹோஷிம் வந்தான். வாசலுக்குள் வராமல் ஒரு தகர டப்பாவை நீட்டினான். உள்ளே மில் கிரீஸ், மஞ்சளாக, முக்கால் டப்பா.

"தானம் இல்ல" என்றான். "அந்தப் பாலத்துல நானும்தான் போறேன்."

அப்பாவும் மகனும் பழைய குடத்தைத் திறந்து, வெள்ளையாக உறைந்த கொழுப்பை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தார்கள். பெட்ரோலில் கழுவி கிரீஸ் போட்டார்கள். உருளைகள் குளிரிலும் ஏறின, பின்னால் மிதித்தால் பிரேக் பிடித்தது. சுரண்டி எடுத்ததை நாய்கள் தின்றன. அதன் பிறகு ஷோகிர் அந்தச் சைக்கிளில் எட்டு வருஷம் கல்யாண வீடுகளுக்குப் போனான். மகனிடம், "நீ சொன்னதுதான் சரி, இரும்புக்கு மண்ணுக் கொழுப்பு" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டும் இருந்தான்.

ஷோகிர் போய்ச் சேர்ந்த அடுத்த இளவேனிலில் எல்யோர் கொட்டகையிலிருந்து அந்தச் சைக்கிளை இறக்கினான். சட்டுவம் குறுக்குக் கம்பியில் கட்டியபடியே இருந்தது. அவிழ்க்க மனம் வரவில்லை. இப்போது அவனுக்குச் சொந்தமாகக் கடைசல் பட்டறை இருந்தது, டப்பா டப்பாவாக கிரீஸ் இருந்தது. முற்றத்தில் சாக்கு விரித்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றிக் குடத்தைத் திறந்தான்.

கிரீஸ் இல்லை. உருளைகளைச் சுற்றி, குண்டுகளைச் சுற்றி, துணியில் வடிகட்டிய சுத்தமான வெள்ளை வால்கொழுப்பு. புதிது. போன கோடையில் போட்டதாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் வெயில் வந்ததும் மகனுக்குத் தெரியாமல் திறந்து கொழுப்பைப் போட்டு, குளிருக்கு முன்னால் கழுவி மறுபடி கிரீஸுக்கு மாறியிருக்கிறான் மனிதன். கடைசி வருஷம் மாற்றுவதற்கு நேரம் இருக்கவில்லை.

எல்யோர் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது. கொழுப்பு மெல்ல இளகி வாசனை எழும்பியது.

வாசலில் ஒரு நாய் வந்து நின்றது. இளசு, அந்தக் கதையெல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"வா" என்றான் எல்யோர். "அவர் இல்ல. ஆனா வா."

பெட்ரோல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். கொழுப்பைச் சுரண்டவில்லை. இனி கோடைதானே என்று குடத்தை அப்படியே மூடி, நட்டுகளை இறுக்கி, வண்டியைத் திருப்பி நிறுத்தினான். சட்டுவத்தோடு ஏறி வாய்க்கால் பாலம்வரை ஓட்டினான். சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி மாதிரி ஓடியது. நாய் மரியாதையாகக் கூடவே வந்தது.